எல்லோருக்கும் ஏற்ற டீத்தூள்

கோவைப் பக்கம் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு டீத்தூள் கம்பெனியின் பொசிஷனிங் ஸ்டேட்மெண்டைப் படிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போட்டிக்காரர்கள் இந்த ஞானத்தைக் களவாடிவிடுவார்கள். வாசகம் மட்டும் இதோ:

"இளையோர் முதல் முதியோர் வரை, தேநீரை நேசிக்கும் அனைவருக்கும், எங்கள் தேநீர் ஒரு முழுமையான வாழ்வியல் அனுபவம். நிறம், மணம், திடம், சுவை, புத்துணர்ச்சி, ஆரோக்கியம் எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் தருகிறது. ஏனெனில் தரத்தில் நாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லை."

இதை எழுதுவதற்காகக் குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டு, தேயிலைத் தோட்டம் கண்ணில் பட்டுக் கவனம் சிதறிவிடாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டு யோசித்தார்களாம். அந்தத் தவத்தின் பலன் ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது.

இந்த மாதிரி வாசகத்துக்கு ஜெஃப்ரி மூர் என்ற அமெரிக்கர் 1991-ல் தன் புத்தகத்தில் ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தார். இன்ன தேவை உள்ள இன்னாருக்கு, எங்கள் சரக்கு இன்ன வகையைச் சேர்ந்தது, இன்ன பலன் தரும், அவர் இப்போது வாங்குவதிலிருந்து இன்ன விதத்தில் வேறுபட்டது. விளம்பரக்காரர்கள் இதன் கடைசியில் 'நம்புவதற்கு என்ன ஆதாரம்' என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்வார்கள். இது பாக்கெட்டில் அச்சிடுவதற்கான வாசகம் அல்ல. எந்தத் தூளை எதோடு கலப்பது, எந்த அளவுப் பையில் கட்டுவது, யார் கடைக்கு ஆள் அனுப்புவது என்று கம்பெனிக்குள் முடிவு செய்வதற்கான காகிதம். நம் கம்பெனி அந்தக் காகிதத்தை இத்தனை வேலைகளிலிருந்தும் விடுதலை செய்துவிட்டது. இப்போது அது வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நிம்மதியாக இருக்கிறது.

இந்தக் கம்பெனியிலும் ஒரு குறுகிய மனக்காரர் இருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றவர்களின் பெருந்தன்மை விளங்காது. டீக்கடைகளுக்குத் தூள் போட்டே தலை நரைத்த விற்பனை மேலாளர் அவர். அவரும் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறார்:

"கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில், நாளுக்கு 300 கிளாசுக்கு மேல் ஓட்டி, வழக்கமாக வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் டீக்கடைக்காரருக்கு, எங்கள் சரக்கு கடைக்கென்றே கலந்த சிடிசி டஸ்ட். மழைக்காலத் தூளானாலும் பனிக்காலத் தூளானாலும் கிளாசில் நிறம் மாறாது. ஒவ்வொரு லாட்டையும் போன லாட்டோடு சேர்த்து வைத்துப் பால் ஊற்றிப் பார்த்த பிறகே அனுப்புகிறோம். மாறியிருந்தால் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்."

படித்ததும் கூட்டத்தில் சிரித்துவிட்டார்களாம். சிரிக்க மாட்டார்களா? நாட்டில் இத்தனை கோடிப் பேர் டீ குடிக்கும்போது இந்த மனிதர் மூன்று ஊர் டீக்கடையோடு நின்றுவிட்டார்! அதிலும் எல்லா டீக்கடையும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசல் கடைகளை விட்டுவிட்டார். அங்கே குடிக்கிறவர் மறுபடி அதே கடைக்கு வருவதில்லை, அதனால் நிறம் மாறினாலும் கேட்க ஆளில்லை, அந்தக் கடைக்காரர் மலிவான தூளைத்தான் தேடுவார் என்பது அவர் வாதம். தன் சரக்கை வாங்க மாட்டாதவர் யார் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கும் விற்பனையாளரை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி என்னதான் செய்யும்?

இன்னொரு சங்கடத்தையும் அவர் கிளப்பினார். காசு கொடுப்பவர் முதலாளி, தூளைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர் டீ மாஸ்டர். மாஸ்டருக்குப் பிடிக்காத தூளுக்கு முதலாளி இரண்டாம் முறை ஆர்டர் போட மாட்டார். ஆகவே வாசகத்தில் வாடிக்கையாளர் என்று யாரை எழுதுவது என்பதை முதலில் தீர்க்க வேண்டும் என்றாராம். 'அனைவருக்கும்' என்று எழுதியவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை பாருங்கள். முதலாளியும் அதில் அடக்கம், மாஸ்டரும் அடக்கம், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவரும் அடக்கம்.

வகை விஷயத்தில் இவர்கள் காட்டியிருக்கும் சாமர்த்தியம் தனி. டீத்தூள் என்று எழுதியிருந்தால் பக்கத்துப் பாக்கெட்டோடு விலையை ஒப்பிட்டுவிடுவார்கள். நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் என்று எழுதலாம் என்றால், புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெயர் உருட்டிச் செய்த இலைத் தேயிலைக்கு உரியது. இவர்கள் கட்டுவதோ இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் சிடிசி. ஆகவே 'வாழ்வியல் அனுபவம்' என்று போட்டுவிட்டார்கள். இனி எந்தச் சரக்கோடும் ஒப்பிட முடியாது. மளிகைக் கடைக்காரர் இதை எந்தத் தட்டில் அடுக்குவது என்று கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறினார்களாம்.

அடுத்தது பலன். மேலாளர் ஒன்றே ஒன்றைச் சொன்னார், இவர்கள் ஆறு கொடுத்தார்கள். ஆறில் முதல் நாலை நம் ஊரில் பழைய பாக்கெட்டுகள் பல்லாண்டாகச் சொல்லிவருகின்றன என்பதால் என்ன? கேட்டுப் பழகிய சொல் காதுக்கு இதம்தானே. ஆரோக்கியத்துக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவைப்படலாம். உடல்நலப் பலன் என்று சொன்னால் அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே விதி போட்டிருக்கிறது. ஆனால் சுவரில் மாட்டிய சட்டத்தை யார் வந்து சோதிக்கப்போகிறார்கள்?

மேலாளர் அந்த ஒற்றைப் பலனுக்கு வந்து சேர்ந்த வழியைக் கேட்டால், மனிதர் எவ்வளவு வீணாக உழைத்திருக்கிறார் என்று தெரியும். 'கிலோவுக்கு அதிக கிளாஸ்' என்பதைத்தான் அவரும் முதலில் எழுதினார். பிறகு ஒரு டீக்கடைக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். கிளாசுக்கு இரண்டரை கிராம் என்றால் ஒரு கிலோவில் 400 கிளாஸ். தூள் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிளாசுக்கு 75 பைசா. அதே கிளாசில் 50 மில்லி பால் விழுகிறது. லிட்டர் 60 ரூபாய் என்றாலும் பாலுக்கு மட்டும் 3 ரூபாய். இந்தத் தூள் கிலோவுக்கு 30 கிளாஸ் கூடுதலாகவே தரட்டும், கடைக்காரருக்கு மிச்சம் கிலோவுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய்தான். அதற்காக அவர் பழகிய தூளை மாற்ற மாட்டார். மாற்றினால் காலை ஆறு மணிக்கு வழக்கமாக வருகிறவர், "என்ன மாஸ்டர், டீ இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு?" என்பார். கடைக்காரரின் பயம் அந்த ஒரு கேள்விதான். குளிர்காலத்து இலையின் சாறும் மழைக்காலத்து இலையின் சாறும் ஒன்றாக இருக்காது. ஆகவே அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதே இந்தச் சரக்கின் பலன் என்று எழுதினார். ரிசார்ட் அறையில் ஏசிக்குக் கீழே ஆறு பலன்கள் கிடைக்கும்போது, டீக்கடை பெஞ்சில் வேர்த்து ஒரே ஒரு பலனோடு திரும்பி வந்தவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆதாரத்தில்தான் கம்பெனியின் தன்னம்பிக்கை உச்சத்தைத் தொடுகிறது. எங்கள் டீ நன்றாக இருக்கும், ஏனென்றால் நாங்கள் நல்லவர்கள்! இதற்கு மறுப்புச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. சரிபார்க்கவும் முடியாது என்பது கூடுதல் வசதி.

மேலாளரின் ஆதாரத்தில் இருந்த ஆபத்தைப் பாருங்கள். போன லாட்டின் மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துவைக்க வேண்டும். புது லாட்டிலும் பழைய லாட்டிலும் ஒரே எடை நிறுத்து, கொதிக்கும் நீரை ஒரே அளவு ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து வடிகட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே பாலை ஒரே அளவு விட்டு, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் வெளுத்திருந்தால் வேறு தொழிற்சாலைத் தூளைச் சேர்த்து மறுபடி கலக்க வேண்டும். அதாவது வாசகத்தில் எழுதிய ஒரு வரிக்காகக் கலவைக் கூடத்தில் ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு பதிவேடு எல்லாம் வேண்டும். மூட்டையைத் திரும்ப எடுப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். சொன்னதைச் செய்ய வைக்கும் வாசகத்தை எந்தப் புத்திசாலி எழுதுவான்?

அவர் அதோடு நின்றாரா? நிறத்தை முன்னால் வைத்தால், சாயம் கலந்திருக்கிறீர்களா என்று கடைக்காரர் சந்தேகப்படுவார், ஆகவே விற்கப் போகிற பையன் வடிதாளையும் ஒரு சிட்டிகைத் தூளையும் கையில் கொண்டுபோக வேண்டும் என்றாராம். ஈரமான தாளில் தூளைப் பரப்பிச் சற்று நேரம் விட்டு, தூளைத் தட்டிவிட்டு, தாளைத் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பார்த்தால், சாயம் சேர்த்த தூள் கறையை விட்டுவிடும். நல்ல தூள் அப்படிக் கறை விடாது. மாஸ்டர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். ஐ.எஸ்.ஓ. சான்றிதழின் வண்ண நகலைக் காட்டினாலே போதும் என்னும்போது இந்த ஈரத்தாள் வேலை எதற்கு என்று நிர்வாகம் கேட்டதில் நியாயம் உண்டு.

சட்டத்துக்குள் மாட்டிய அந்த வாசகத்தின் தலையாய நன்மையை நான் இன்னும் சொல்லவில்லை. அது எதற்கும் 'வேண்டாம்' சொல்லாது. கிரீன் டீ போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆரோக்கியம் இருக்கிறதே, போடலாம். ஐந்து ரூபாய்ச் சாஷே? அனைவருக்கும் என்று எழுதியிருக்கிறோமே, போடலாம். தீபாவளிக்கு மரப்பெட்டியில் பரிசுத் தேயிலை? அது அனுபவம் அல்லவா, கட்டாயம் போடலாம். மேலாளரின் வாசகமோ இந்த மூன்றையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். நல்லவேளை, அவர் இப்போது அங்கே இல்லை. மூன்று சரக்கும் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன.

புதிதாக டீத்தூள் தொடங்கப்போகும் அன்பர்கள் இந்த வாசகத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், பெயரை மாற்றக்கூட வேண்டியதில்லை, அதில் பெயரே கிடையாது. நாளைக்கே தொழிலை மாற்றி ஊதுபத்தி போடுவதாக இருந்தாலும் கவலை வேண்டாம். 'தேநீர்' வரும் இடங்களில் 'ஊதுபத்தி' என்று போட்டு, சுவையையும் கோப்பையையும் அடித்துவிட்டால் போதும்.