மூன்று அடை, மூன்று குறி: ஒரு பிரிவுபசாரச் செய்தியின் பிரேதப் பரிசோதனை

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. போய்ச்சேர வேண்டிய இடம், எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கக் குழு. ஆசிரியர், சங்கச் செயலாளர். காலம், பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த வாட்ச்மேன் சொந்த ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு. பாடபேதம் எதுவும் இல்லை. செய்தி வருமாறு:

"அன்பான, பண்பான, நேர்மையான எங்கள் பாதுகாவலர் அவர்களே!!! தங்களின் அயராத, தன்னலமற்ற, ஈடிணையற்ற சேவைக்கு எங்கள் மனமார்ந்த, உளமார்ந்த, இதயப்பூர்வமான நன்றிகள்!!! தங்கள் ஓய்வு இனிமையான, வளமான, மகிழ்ச்சியான காலமாக அமைய வாழ்த்துகள்!!!!"

குழுவில் போடுமுன் செயலாளர் இதை என்னிடம் காட்டினார். "என் பொண்ணு படிச்சுட்டு ரோபோ பேசுற மாதிரி இருக்குங்கறா சார். நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார். கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது. மனிதர் வாட்ச்மேனை உண்மையிலேயே நேசிக்கிறார். நேசம் இப்படி இயந்திரக் குரலில் வெளிவந்தது எப்படி என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

முதலில் கணக்கு. அடைமொழிகள் 12. வியப்புக்குறிகள் 10. அடை ஏற்கும் பெயர்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தலா மூன்று அடை. இந்த மூன்றுதான் முதல் தடயம். மனிதன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போது ஒன்றைச் சொல்வான், திணறுவான், பிறகு ஐந்தைக் கொட்டுவான். ரேஷன் கடையில் அளந்து ஊற்றுவதுபோல எல்லாப் பெயருக்கும் சமமாக ஊற்றமாட்டான். ரோபோத்தன்மை என்று அந்தப் பெண் சொன்னது சொற்களையல்ல, இந்த அளவுக்கோப்பையை.

இனி அடைகளுக்குள் இறங்குவோம். அடைமொழியின் வேலை என்ன என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே தீர்த்துவிட்டார். ஓர் அடை தன் பெயரை அதே இனத்தின் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு, எனவே அடைக்கு வேலை இருக்கிறது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று ஒன்று எங்கே இருக்கிறது? இப்படி இனத்தைச் சுட்டாத அடை செய்யுளுக்கு ஆகும், அன்றாட வழக்குக்கு ஆகாது என்பது அவர் கட்சி. வாட்ஸ்அப் செய்யுளா வழக்கா என்ற வினாவைப் பிற்கால அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, வழக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த உரைகல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். "நேர்மையான எங்கள் பாதுகாவலர்": எங்களுக்கு நேர்மையற்ற பாதுகாவலர் ஒருவர் தனியாக இருக்கிறாரா? இல்லை. அடை விழுந்தது. "மனமார்ந்த, உளமார்ந்த, இதயப்பூர்வமான": ஒரே உறுப்பு மூன்று பெயரில் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது. நன்னூலார் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்த கூறியது கூறல் இதுவே. இரண்டு விழுந்தன. "அயராத" என்ற இடத்தில் செயலாளரே லேசாக இருமினார். ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் என்ன நடக்கும் என்பது அடுக்ககமே அறிந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சோதனையும் செய்தோம். "பாதுகாவலர்" இருந்த இடத்தில் "கணக்காளர்" என்று மாற்றினோம். செய்தி ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. "தலைமையாசிரியர்" போட்டோம், அதற்கும் சம்மதம். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் சட்டை யாருடைய சட்டையும் அல்ல. இதற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது: வெற்றெனத் தொடுத்தல்.

அடுத்து வியப்புக்குறி. ஓலைச்சுவடிக்கு இந்தக் குச்சியும் புள்ளியும் தெரியாது. ஐரோப்பிய அச்சுப் பழக்கத்தோடு வந்தது இது. அதற்கு முன் தமிழன் வியக்கவில்லையா என்றால், ஏகாரமும் ஓகாரமும் அந்த வேலையைச் சொல்லுக்கு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. "வந்தார்" என்பது தகவல். "வந்தாரே" என்பதில் குரல் ஏற்கெனவே உயர்ந்துவிட்டது, குறி போட்டாலும் போடாவிட்டாலும். மெய்ப்பாடு எட்டு என்று எண்ணி வைத்த மொழியில், நகைக்கும் அழுகைக்கும் பெருமிதத்துக்கும் உவகைக்கும் ஒரே குச்சியை நட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? செயலாளரின் கடைசி வாக்கியத்தில் நாலு குறி. மற்றவற்றில் மூன்று. அந்த ஒரு கூடுதல் குறி எதற்கு என்று கேட்டேன். "முடிவு இல்லையா சார், கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்" என்றார்.

பத்தையும் எடுத்துவிட்டு, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். குரல் தானாக எங்கே ஏறுகிறதோ அங்கே மட்டும் திருப்பி வைக்கலாம் என்பது விதி. அவர் படித்தார். எங்கேயும் ஏறவில்லை. "அவர்களே" என்ற விளியில் மட்டும் தயங்கினார். விளிக்குப் பின் குறி போடுவது மரபுதான், அது பிழையல்ல என்று ஒப்புக்கொண்டேன்.

இங்கே ஆய்வில் ஒரு விபத்து. செயலாளர் நல்ல மாணவர், மிக நல்ல மாணவர். அன்று மாலையே திருத்திய படியை அனுப்பினார்: "14 வருடம் வேலை பார்த்ததற்கு நன்றி."

வேலையை விட்டு நீக்கும் உத்தரவு இதைவிடக் கனிவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒற்றை வரிக்குப் பின் வரும் முற்றுப்புள்ளி கோபமாகவே ஒலிக்கிறது என்பதை வீட்டில் மனைவியிடமிருந்து "சரி." என்று செய்தி பெற்ற எவரும் உறுதிசெய்வர். குன்றக் கூறலும் நன்னூலாரின் அந்தப் பத்தில் ஒன்று, அதுவும் முதலாவது. எனவே அடையைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பிடுங்கிய குழியில் ஏதாவது நட வேண்டும்.

நடுவதற்கு ஒரே கேள்விதான்: எப்போது? "தன்னலமற்ற சேவைன்னு எழுதினீங்களே, அது எப்போ?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "2015 டிசம்பர் வெள்ளம் சார். தண்ணி உள்ள வந்தப்போ கீழ இருந்த பாட்டியை அப்படியே தோள்ல தூக்கிக்கிட்டு ரெண்டாவது மாடிக்கு ஓடினார் சார்." நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டிருந்தார். குரல் எங்கே ஏறும் என்று பகலெல்லாம் தேடினோமே, அது இங்கே இருந்தது. அயராத என்பதற்கு? "தூங்குவார்தான். ஆனா டேங்க் நிரம்பி வழியற சத்தம் கேட்டா, எந்தத் தூக்கத்துலயும் எழுந்து மோட்டாரை நிறுத்திடுவார்."

இருவரும் உட்கார்ந்து எழுதிய இறுதிப் பாடம் இது:

"அண்ணே, 14 வருஷமாக நாங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தூங்கினோம். நீங்கள் இருந்ததால்தான் தூங்கினோம். 2015 வெள்ளத்தில் தரைத்தளத்துப் பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஓடினீர்களே, அதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள்."

பாட்டிக்கு ஓர் அடை இருக்கிறது. முதல் மாடியிலும் ஒரு பாட்டி உண்டு, பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. தொல்காப்பியர் அனுமதிப்பார். "ஓடினீர்களே" என்பதில் ஏகாரம் வேலை பார்க்கிறது. "மனமார்ந்த ஒண்ணாவது இருக்கட்டும் சார்" என்று செயலாளர் கடைசிவரை மன்றாடினார். நான் கல்நெஞ்சனாக இருந்தேன்.

இரவு எட்டரைக்குச் செய்தி குழுவில் ஏறியது. முதல் படியைப் போட்டிருந்தால் முப்பது கைகூப்பும் பொம்மைகள் வந்திருக்கும், வாட்ச்மேனும் ஒன்று போட்டிருப்பார். இதற்கு அவரிடமிருந்து பத்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு வந்தது:

"ரெண்டாவது மாடி இல்ல சார், மூணாவது மாடி!"

குறிகளை எண்ணினேன். ஒன்று.