தேர்ந்தெடுப்பவர் யார்?

பெறுநர்:
பரிசுத் திட்டப் பிரிவு,
தீபாவளிக்குக் கூப்பன் கொடுக்கும் ஜவுளிக்கடை.

பொருள்: கூப்பனின் பின்புறமுள்ள 7ஆம் நிபந்தனை.

ஐயா,

கடுகளவு எழுத்தில் அச்சான 7ஆம் நிபந்தனை இது: "சிறந்த வாசகம் எழுதும் அதிர்ஷ்டசாலிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். நிர்வாகத்தின் முடிவே இறுதியானது." செயப்பாட்டு வினைக்கு இலக்கண ஆசிரியர்கள் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. வேலை நடந்துவிடுகிறது, செய்த ஆளைத்தான் காணோம்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு போட்டிகள் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. சிறந்த வாசகம் என்றால் திறமைப் போட்டி. அதற்கு நடுவர் வேண்டும், மதிப்பெண் வேண்டும். அதிர்ஷ்டசாலி என்றால் குலுக்கல். அங்கே வாசகத்துக்கு வேலையே இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்ததில் கடைக்கு ஒரு வசதி உண்டு. நன்றாக எழுதித் தோற்றவரிடம் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லலாம். அதிர்ஷ்டத்தை நம்பி வந்தவரிடம் வாசகம் சுமார் என்று சொல்லலாம்.

வாசகம் உள்ளே வந்த காரணம் வேறு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. வியாபாரத்தைப் பெருக்க நடத்தும் குலுக்கலை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முறையற்ற வணிகப் பட்டியலில் வைத்திருக்கிறது. நாலு வரி எழுதச் சொன்னால் குலுக்கல் திறமைப் போட்டியாகிவிடும் என்பது கடைகளின் நம்பிக்கை. பெட்டியில் விழும் சீட்டுகளை யாரும் படிக்காத வரை அது குலுக்கல்தான். திறமைப் போட்டிக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு என்பதால், வார்த்தையைத் திருத்துவதோடு வக்கீலையும் கேட்பது நல்லது.

உண்மையிலேயே வாசகப் போட்டிதான் என்றால், நிபந்தனையை இப்படி எழுதலாம்:

"வாசகங்களை மூன்று நடுவர்கள், எழுதியவரின் பெயரை மறைத்துப் படிப்பார்கள். நடுவர்கள் கடையின் ஊழியர்களோ அவர்களின் உறவினர்களோ அல்லர். ஒவ்வொரு நடுவரும் பொருத்தத்துக்கு 10, புதுமைக்கு 10 மதிப்பெண் வரை அளிப்பார். மொத்தம் 60. அதிக மதிப்பெண் பெறும் மூவருக்குப் பரிசு. சமமாக வந்தால் புதுமையில் கூடுதல் பெற்றவர் முந்துவார். ஒருவர் எத்தனை கூப்பன் போட்டாலும் ஒரு வாசகமே கணக்கில் வரும். முடிவு, இந்தத் திட்டத்தின் விளம்பரம் வந்த அதே நாளிதழில் வெளியாகும்."

கடைசி வரி அலங்காரம் அல்ல. திட்டம் முடிந்ததும் முடிவை மறைப்பதும் மேற்படி சட்டத்தின்படி முறையற்ற வணிகம்; முதலில் விளம்பரம் வந்த நாளிதழிலேயே முடிவை உரிய காலத்தில் தெளிவாக வெளியிட்டால் பங்கேற்றவருக்குத் தெரிவித்ததாகக் கொள்ளப்படும். "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்று அச்சிட்டதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு சாத்திக்கொள்வதும் இல்லை.

நிபந்தனை சரியா என்று பார்க்க, ஜெயித்தவரைக் கேட்டுப் பயனில்லை; அவருக்கு எல்லாம் சரிதான். 41 மதிப்பெண்ணில் தோற்றவர் தன் சீட்டைப் பார்த்து, தான் தோற்ற காரணத்தைத் தானே சொல்ல முடிந்தால் அது சரியான நிபந்தனை.

இப்படிக்கு,
இக்கடிதம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.