143 முறை வந்து போன என் அப்பா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'அன்புள்ள திரு.' என்று தொடங்கி, அடுத்ததாக என் அப்பாவின் பெயர். அவர் 1994லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருந்த வரையில் எந்த க்ளப்புக்கும் காலணா கொடுத்தவர் இல்லை. "கடல் காத்து கவர்ன்மென்ட் குடுக்கறது. இதுக்கு எதுக்குடா சந்தா?" என்று கேட்டபடி மயிலாப்பூரிலிருந்து மெரினாவுக்கு நடந்தே போய் வந்தவர்.

செய்தி அவரிடம் மிகவும் பிரியமாகப் பேசியது. 'கடந்த ஓராண்டில் நீங்கள் நம் க்ளப்புக்கு 143 முறை வருகை தந்திருக்கிறீர்கள். நீச்சல் குளம், நூலகம், விருந்து என நீங்கள் அனுபவித்த பலன்களின் மதிப்பு ரூ.35,750. உங்கள் உறுப்பினர் காலம் இன்னும் 30 நாளில் முடிகிறது. புதுப்பிக்க ரூ.14,160 மட்டுமே.'

தப்பு என் பேரில்தான். பெசன்ட் நகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற அந்த க்ளப்பில் போன வருஷம் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை மட்டும் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஓர் எழுத்தெல்லாம் பெயராகாதாம். சரியென்று அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். அன்றிலிருந்து க்ளப்பைப் பொறுத்தவரை நான் என் அப்பா.

என் மனைவிக்கு அந்த விவகாரத்தில் சுவாரசியமே இல்லை. அவள் கண் போய் நின்றது 143ல்.

"என்னங்க, நூத்தி நாப்பத்து மூணு தடவை க்ளப்புக்குப் போயிருக்கீங்களா? எங்கிட்ட வாக்கிங்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?"

பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அழுக்கு ஏறுகிற கண்ணாடி அது.

நான் 32 வருஷம் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவன். பிரீமியம் நோட்டீஸ் அனுப்புவதுதான் என் பிழைப்பு. எங்கள் நோட்டீஸ் வறண்ட மனிதர் மாதிரி இருக்கும்: பாலிசி எண், தொகை, கெடு தேதி. தவறினால் வருஷாந்திரப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம், அதற்கப்புறம் பாலிசி லாப்ஸ். இதுவரை நீங்கள் அனுபவித்த பலன்கள் என்று நாங்கள் பட்டியல் போட்டதே இல்லை. போடவும் முடியாது. எங்கள் பலனை முழுசாக அனுபவித்தவருக்கு நோட்டீஸ் அனுப்பினால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்.

அதனால் இந்தச் செய்தியைத் தொழில்காரனின் பொறாமையோடு திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் நோட்டீஸ் வரப்போகிற நஷ்டத்தைச் சொல்லி மிரட்டும். இது கிடைத்துவிட்ட லாபத்தைச் சொல்லிக் கூச்சப்பட வைக்கிறது. இவ்வளவு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாயே என்று இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்கிற மாதிரி. பணம் கேட்கிற வரி கடைசியில், அதுவும் 'மட்டுமே'யைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.

பழைய புத்தி, பென்சிலை எடுத்தேன். 35,750ஐ 143 ஆல் வகுத்தேன். சுத்தமாக 250 வந்தது. எங்கேயோ பார்த்த எண் ஆயிற்றே என்று யோசித்தேன். க்ளப் வாசலில் எழுதிப் போட்டிருக்கும் விருந்தினர் கட்டணம்! உறுப்பினர் அல்லாதவர் ஒரு நாள் உள்ளே வர 250 ரூபாய். ஆக, அவர்கள் செய்த கணக்கு இவ்வளவுதான்: வாசல் மெஷினில் அட்டையைத் தேய்த்த ஒவ்வொரு முறையையும் 250 ஆல் பெருக்கிவிட்டார்கள். உள்ளே போய் நான் என்ன செய்தேன் என்று மெஷினுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது என் பாக்கியம்.

நீச்சலுக்குப் போனது 19 முறை. பணம் கட்டிய சூட்டில் முதல் மாதம் 11, அடுத்த மாதம் 6, மூன்றாம் மாதம் 2. அத்தோடு குளத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. நூலகத்துக்கு 4 முறை. எல்லாம் பேப்பர் படிக்க, நாலாம் முறை மின்விசிறிக்காக. சித்திரை முதல் நாள் விருந்துக்கு ஒருமுறை. அதற்கும் தனியாகக் கூப்பன் வாங்கினேன். மொத்தம் 24.

"மிச்சம் நூத்திப் பத்தொன்பது?" என்றாள் என் மனைவி. காப்பீட்டு அலுவலகத்துக்கு அவளை அனுப்பியிருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். எனக்கு 64 வயது. காலை ஐந்தரைக்கு எலியட்ஸ் கடற்கரையில் நடக்கத் தொடங்கினால், 1930ல் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னத்தை நெருங்கும்போது எனக்கும் ஓர் அவசரம் வந்துவிடும். அவருக்கு வந்தது வீர அவசரம். எனக்கு வந்தது சர்க்கரையும் வயதும் சேர்ந்து கொடுக்கிற அவசரம். வீடு வரை தாங்காது. க்ளப் பக்கத்தில். அட்டையைத் தேய்ப்பேன், இடதுபக்கம் மூன்றாவது கதவு, ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து நடையைத் தொடர்வேன். அப்படி 119 காலைகள்.

"அப்ப அந்த ரூமுக்குத்தான் ஒரு தடவைக்கு 250 ரூபாய்னு மதிப்புப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், பக்கத்து ஃபிளாட் கதவு திறக்கிற வரை நிறுத்தவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். "வெளியில பத்து ரூபாய்னே வச்சாலும் 1,190தானே?"

12,000 சந்தா, 18 சதவீத ஜி.எஸ்.டி 2,160, ஆக 14,160. இதை 143 ஆல் வகுத்தால் ஒரு வருகைக்கு 99 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பெருமையாக வெளியே சொல்லக்கூடிய 24 வருகைகளால் வகுத்தால் ஒன்று 590 ரூபாய். அந்த 24 நாளும் வாசலில் 250 கொடுத்து விருந்தினராகப் போயிருந்தால் 6,000 ரூபாயோடு முடிந்திருக்கும்.

சோகத்தை அமெரிக்காவில் பொருளாதாரம் படிக்கிற அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். "சித்தப்பா, கவலைப்படாதீங்க, நீங்க ஒரு பெரிய ஆராய்ச்சியிலேயே இருக்கீங்க" என்றாள். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று இரண்டு பேர் அங்கே சில உடற்பயிற்சி க்ளப்புகளின் வருகைப் பதிவேட்டை ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்களாம். கட்டுரையின் தலைப்பே ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவதைப் பற்றியது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் பத்துமுறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவை 10 டாலர்தான். அவர்கள் முட்டாள்கள் இல்லையாம். சந்தா கட்டுகிறபோது, வரப்போகிற வருஷத்தில் தாங்கள் வேறொரு ஆளாக இருப்போம் என்று எல்லோரும் நம்புகிறார்களாம். தினமும் நீந்துகிற ஆள்.

11, 6, 2 என்று என் நீச்சல் தேய்ந்ததற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. பணம் கொடுத்த வலி இருக்கும்வரை கால் போகும், வலி ஆற ஆறக் காலும் ஆறிவிடும். வேறு இரண்டு பேராசிரியர்கள் 1998லேயே இதைக் காட்டிவிட்டார்களாம். அப்படியானால் வருஷத்துக்கு ஒருமுறை பணம் வாங்குகிற க்ளப்புக்கு ஒரு சிக்கல் உண்டு. மறுபடி கேட்கிற நாளில் உறுப்பினர் அந்தப் பக்கம் வந்தே பல மாதம் ஆகியிருக்கும். அந்த மறதியின் மேல்தான் இந்தச் செய்தி தண்ணீர் தெளிக்கிறது. கடைசி மாதங்களில் நீங்கள் எத்தனை முறை வந்தீர்கள் என்று அது சொல்லாது. வருஷம் முழுவதையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் சொல்லும்.

சரி, ஒருமுறைகூடப் போகாதவருக்கு என்ன எழுதுவார்கள்? எதிர் ஃபிளாட்காரரும் என்னோடு சேர்ந்தவர்தான். அட்டையை உறையிலிருந்தே எடுக்கவில்லை. அவர் செய்தியை வாங்கிப் பார்த்தேன். அதில் எண்ணே கிடையாது. 'நீச்சல் குளமும் நூலகமும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன' என்று இருந்தது. அனுபவித்தவனுக்குக் கணக்கு, அனுபவிக்காதவனுக்குக் கனவு. உங்களுக்கு வருகிற செய்தியில் எண் இல்லையென்றால், உங்கள் எண் சொல்லும்படியாக இல்லை என்று அர்த்தம். மனிதர் அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்து, அன்று மாலையே புதுப்பித்துவிட்டார்.

கெடுவுக்கு ஏழு நாள் இருக்கும்போது எனக்கு இரண்டாவது செய்தி வந்தது. இதில் பிரியம் கொஞ்சம் வற்றியிருந்தது: தவறினால் மறுபடி சேர்க்கைக் கட்டணம் கட்ட வேண்டும். நம்ம லாப்ஸ் நோட்டீஸ் சாயல் தெரிந்ததும் எனக்கே ஒரு பாசம் வந்தது. கீழே 'ஆட்டோ பே' என்று ஒரு கட்டம், அதில் ஏற்கெனவே டிக். வருஷாவருஷம் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்வார்களாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும். ஆனால் இப்படி எடுக்கிற தொகை 15,000 வரை இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. 14,160! க்ளப் கமிட்டியில் யாரோ விவரமான ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டிக்கை எடுத்தேன்.

"இந்த வருஷம் வேண்டாம், விட்டுடலாம்" என்றேன் மனைவியிடம், 32 வருஷ அனுபவசாலியின் தொனியில்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கட்டிடுங்க."

"கணக்கு நீதானே போட்டே?"

"க்ளப் இல்லாதப்ப என்ன பண்ணீங்க? ரெண்டு நாள் பீச்சுக்குப் போனீங்க. நடுவுல அவசரம் வருமேன்னு பயந்து மூணாம் நாள்லேர்ந்து மொட்டை மாடியிலயே சுத்தினீங்க. அதுவும் ஒரு வாரத்துல நின்னுபோச்சு. இந்த வருஷம் 119 நாள் நடந்திருக்கீங்க. சர்க்கரை இறங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லலையா? அதை அந்தச் செய்தியில போட அவங்களுக்குத் தெரியலை."

தெரிந்தாலும் எப்படிப் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். 'எங்கள் மூன்றாவது கதவின் தைரியத்தில் நீங்கள் 119 நாள் நடந்திருக்கிறீர்கள்' என்று எந்த கமிட்டி தீர்மானம் போடும்?

கட்டினேன். ரசீது உடனே வந்துவிட்டது, மறுபடியும் அப்பா பெயருக்கு. 'புதுப்பித்ததற்கு நன்றி. ஆரோக்கியமான இன்னுமொரு ஆண்டு உங்களுக்குக் காத்திருக்கிறது.'

செத்து முப்பது வருஷம் தாண்டியவருக்கு ஆரோக்கியமான இன்னுமொரு ஆண்டு, வெறும் 14,160 ரூபாய்க்கு. என் சர்வீஸில் இப்படி ஒரு பாலிசி மட்டும் கையில் இருந்திருந்தால், ரிட்டையர் ஆகும்போது நான் கிளைக்கே மேனேஜர்.