சேலத்தில் நிற்கும் ரயில்

என் சின்ன வயதில் கொல்லிமலையில் கல்யாணமென்றால் நடைதான். பக்கத்து நாட்டுக்குப் போவதானாலும் விடியலில் கிளம்பி, காட்டுவழியே இறங்கி ஏறி, பந்தலுக்குப் போய்விடுவார்கள். வழிச்செலவு என்று ஒன்று கிடையாது. ஒருவர் வரவில்லை என்றால் வீட்டில் சாவு, இல்லாவிட்டால் காய்ச்சல். காசில்லாமல் வராமல் போனவரை நான் பார்த்ததில்லை.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் பேருந்து வருகிறது. கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் சேலத்திலேயே நிற்கிறது. ஆனாலும் என் உயிர்த்தோழன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே உடன் வேலை பார்த்த அசாம் பெண்ணை மாசியில் திப்ருகரில் மணந்தான்.

நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போக வர டிக்கெட் 4,000. ஒரு வழிக்கே மூன்று நாள் ஆவதால் வழிச் சாப்பாடு 4,000. அங்கே தங்க, வண்டிக்கு இன்னொரு 4,000. கையில் இருந்தது மகளின் காலேஜ் பீஸ் மட்டும். நூற்றுக்கு மூன்று வட்டியில் 12,000 வாங்கினால் மாதம் 360. ஒரு வருஷத்தில் வட்டியே டிக்கெட் காசைத் தாண்டிவிடும். அதுவும் மிளகு பறிக்கிற சமயம். கூலி போவது தனி.

"பார்க்கலாம்டா" என்று இழுத்திருக்கலாம். ஆனால் ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அன்றைக்கே எல்லோருக்கும் சேர்த்துப் போடுவதாக அவன் சொல்லியிருந்தான். நான் இழுத்தால் எங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவான். கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொன்னால் அந்தப் பணமும் போய், அவன் மனசும் கலங்கும். அதனால் முன்பதிவு திறக்குமுன்பே போனில் கூப்பிட்டேன்.

"மாப்ள, ரொம்ப சந்தோஷம்டா. ஆனா எங்களால வர முடியாது. காசு இல்ல, கடன் வாங்கி வர மனசும் இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டிக்கெட்ட நான் போடறேன்டா" என்றான்.

"உனக்கே ஆயிரம் செலவு. அத வேணான்னுதான் முன்னாடியே சொல்றேன். அப்பா அம்மாவ நிம்மதியா கூட்டிட்டுப் போ. மாட்ட நான் பாத்துக்கறேன்."

அவன் அப்பா தயங்கியதே அதற்காகத்தான். கறவை மாட்டையும் களத்தில் காயும் மிளகையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர்கள் திரும்பும்வரை காலையும் மாலையும் நான் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினேன். என் மனைவி மிளகைக் கிளறிவிட்டு, சாயங்காலம் வாரி மூடினாள். மொய்ப்பணத்தைப் புறப்படும் முன்பே அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டோம், வழியில் உதவுமே என்று.

தாலி கட்டுவதைச் செல்போனில் பார்த்தோம். பெண்கள் குலவையிட்டார்கள், நம் பக்கம் இடுகிற மாதிரியேதான். என் மனைவியும் இங்கிருந்து குலவையிட்டாள். அங்கே யாரோ திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் விருந்து. சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். அந்தப் பெண்ணுக்குக் காரம் ஆகுமா என்று கேட்டதற்கு, "உன் பொண்டாட்டியவிட நல்லாவே சாப்பிடுவா" என்கிறான்.