சாட்சிக்கு வந்த மாப்ள

வாரும் மாப்ள, திண்ணையில உக்காரும். கையில என்ன, உயிலா? நாலு பக்கமா? பேஷ்! உயிரோட இருக்கையில எங்க தங்கச்சிகிட்ட நாலு வார்த்தை பேசாத மனுசன், போன பொறவு நாலு பக்கம் பேசப் போறீரு.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னையத் தேடி வந்ததுல சந்தோசம். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீரும். எனக்கு 78, உமக்கு 63. நீரு போயி, ஒம்ம பிள்ளைக சண்டை போட்டு, கேசு கோர்ட்டுக்கு வந்து, நம்பர் கூப்பிடையில நான் எங்க இருப்பேன்? அங்கேருந்து எழும்பி வந்து கூண்டுல ஏறச் சொல்லுதீரா?

சிரிக்காதீரும். முப்பது வருசம் பத்திரம் எழுதிப் பொழைச்சவன் சொல்லுதேன். உயில்னா எல்லாரும் தாளைத்தான் நினைக்காவ. ஒருத்தன் ‘இது எங்கப்பா கையெழுத்தே இல்ல’ன்னு கெளப்பிவிட்டா, அந்தத் தாளு தானா பேசாது. கையெழுத்துப் போட்ட சாட்சியில ஒருத்தராவது உயிரோட இருந்தா, அவரைக் கூப்பிட்டு வந்து சொல்ல வச்சாத்தான் கோர்ட்டு அதைப் பாக்கும். ரெண்டு பேரும் போயிட்டா, அவுக கையெழுத்தையும் ஒம்ம கையெழுத்தையும் தெரிஞ்ச ஆளைத் தேடி, ‘ஆமா, இது அவரு எழுத்துதான்’னு நிரூபிக்க அலையணும். அதான் சாட்சிக்கு நரைச்ச தலையா பாத்துக் கூப்பிடாதீரும்னேன். முப்பது முப்பத்தஞ்சு வயசு, ஊரோட இருக்கவன், சொத்துல ஒரு பைசா பங்கு இல்லாதவன், அவனைப் பிடியும்.

நம்ம இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ல வந்தது. அதுல 63வது பிரிவுதான் இதுக்குத் தலையெழுத்து. நீரு கையெழுத்துப் போடணும், இல்ல பெருவிரல் ரேகை வைக்கணும். சாட்சி ரெண்டு பேருக்குக் குறையக் கூடாது. நீரு போடுததை அவுக கண்ணால பாக்கணும், இல்லேன்னா ‘இது நான் போட்டதுதான்’னு நீரே அவுககிட்ட சொல்லணும். பொறவு அவுக ஒம்ம கண்ணு முன்னால போடணும். அம்புட்டுதான். முத்திரைத்தாள் கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இவ்வளவு லேசா இருக்கதாலதான் நம்ம ஆளுக இதையும் கோட்டை விடுதாவ.

கேளும் ஒரு கதை. பேரு வேண்டாம், மேலத்தெரு ஆளுன்னு வச்சுக்கிடும். பொஞ்சாதி முன்னமே போயிட்டா. ரெண்டு மவன், ஒரு மவ. மூணு ஏக்கர் நஞ்சை, சொந்தமா உழைச்சு வாங்கினது. கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்தினவன் சின்னவன், அதனால முழுசும் அவனுக்குன்னு எழுதி, கட்டில்ல சாஞ்சபடியே கையெழுத்துப் போட்டாரு. நியாயம்தான். சின்னவன் அந்தத் தாளை மடக்கி எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போனான். அங்க ரெண்டு கூட்டாளிக உக்காந்திருந்தானுவ. ‘அண்ணே, இங்க ஒரு கையெழுத்து’. போட்டானுவ. டீ காசு சின்னவன் குடுத்தான்.

பெரியவரு போனதும் பெரியவனும் மவளும் கேசு போட்டாவ. எதிர் வக்கீலு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: “அவரு கையெழுத்துப் போடுறதைப் பாத்தீங்களா?” கூட்டாளி நல்லவன், பொய் சொல்ல வரல. “டீக்கடையில வச்சுப் போட்டோமுங்க”ன்னான். பெரியவரு போட்டதை இவன் பாக்கல, இவன் போட்டதைப் பெரியவரும் பாக்கல. உயிலு விழுந்துது. உயிலே எழுதாம செத்த கணக்குக்குச் சொத்து மூணு பேருக்கும் சமமாப் போச்சு. கஞ்சி ஊத்தினவனுக்கு ஒரு ஏக்கர். கையெழுத்து அப்பன் போட்டதுதான்னு ஊருக்கே தெரியும், என்ன பண்ண?

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. சாட்சிக ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து போடணும்னு சட்டம் கேக்கல. காலையில ஒருத்தன், சாயந்திரம் ஒருத்தன் போட்டாலும் செல்லும். ஆனா நாளைக்கு ஒருத்தன் துபாய்ல இருப்பான், மத்தவன் மட்டும்தான் கூண்டுல ஏறுவான். அவன் தன் கையெழுத்தை மட்டும் சொன்னாப் பத்தாது, அந்தத் துபாய்க்காரன் போட்டதையும் சேத்துச் சொல்லணும். பாக்கலேன்னா எப்படிச் சொல்லுவான்? அதான் மூணு பேரும் ஒண்ணா உக்காருங்கன்னு நான் அடிச்சுக்கிடுதது.

எழுதினவன் பேரு கீழ இருக்கேன்னு மிதப்புல இருக்காதீரும். ‘எழுதியவர்’னு என்னைய மாதிரி ஒருத்தன் போடுத கையெழுத்து எழுத்துக் கூலிக்கு. அதை வச்சு மட்டும் சாட்சிக் கணக்குல சேக்க முடியாது.

பதிவு பண்ணணுமான்னு கேக்கீரு. கட்டாயம் இல்ல, விருப்பம்தான். ஆனா போயிப் பதிஞ்சிரும். சார்பதிவாளர் முன்னால நீரே நின்னு ‘நான்தான் எழுதினேன்’னு சொன்னது ஒரு பதிவா இருக்கும். தாளைக் கரையான் தின்னாலும் அங்க நகல் இருக்கும். அதுக்காகப் பதிஞ்சாச்சுன்னா அசைக்கவே முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீரும். பதிஞ்ச உயிலுக்கும் சாட்சி வந்து சொல்லித்தான் ஆகணும். இன்னும் கேளும்: பதிஞ்ச உயிலுக்குப் பொறவு பதியாம வெறும் தாள்ல ஒண்ணு ஒழுங்கா எழுதி, அதை நிரூபிச்சிட்டா அதுதான் நிக்கும். கடைசியா எழுதினதுக்குத்தான் மதிப்பு. அதனால ‘இதுக்கு முன்னால எழுதினது எல்லாம் ரத்து’ன்னு ஒரு வரி, தேதியோட, மறக்காமப் போடும்.

எங்க, அந்தத் தாளைக் குடும். ம்ம்... ‘ஆத்தங்கரைத் தோப்பு மூத்தவனுக்கு’. எந்தத் தோப்பு? ஆத்தங்கரையில உமக்கு ரெண்டு தோப்பு கெடக்கு. சர்வே நம்பரு, விஸ்தீரணம், நாலெல்லை, ஒண்ணையும் காணோம். தென்னையை ஆளுக்கு ஒண்ணாப் பிச்சுக்கிடச் சொல்லுதீரா? ‘வீடு சின்னவனுக்கு’. வீட்டுப் பட்டா யாரு பேர்ல இருக்கு? எங்க தங்கச்சி பேர்ல! அவ வீட்டை எழுத நீரு யாரு வே? நம்ம சொத்தைத்தான் நாம எழுத முடியும், பூர்வீகத்துலன்னா நம்ம பங்கை மட்டும்.

மூணாம் பக்கத்துல அடிச்சு மேல எழுதியிருக்கீரே, இது இன்னைக்குத் திருத்தினதா, பொறவு திருத்தினதான்னு யாரு சொல்லுவா? கையெழுத்துப் போட்ட பொறவு ஒரு எழுத்து மாத்தினாலும், அதுக்கும் நீரும் சாட்சிகளும் மறுபடி போட்டாத்தான் அந்தத் திருத்தம் செல்லும். இதைக் கிழிச்சுப் போட்டுப் புதுசா எழுதும், நானே எழுதித் தாரேன். மவளுக்கு ஒண்ணும் இல்லேன்னு முடிவு பண்ணிருந்தா, அவளுக்குக் கல்யாணத்துல என்ன செஞ்சீரு, இப்ப ஏன் குடுக்கலேன்னு ரெண்டு வரி எழுதும். காரணம் சொல்லாம பிள்ளையை ஒதுக்கினா கோர்ட்டுக்கே புருவம் ஏறும். ஒதுக்காம இருந்தா எனக்கு இன்னும் சந்தோசம், அவ என் மருமவ.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அன்னைக்கே டாக்டர்கிட்ட ‘சுயநினைவோட இருக்காரு’ன்னு ஒரு சர்டிபிகேட். சட்டம் கேக்கல, நான் கேக்கேன். ஒம்ம சக்கரை வியாதி ஊருக்கே தெரியும், நாளைக்கு ‘அப்பாவுக்குப் புத்தி தடுமாறிச்சு’ன்னு சொல்ல ஆளு இருக்கும்.

புதன்கிழமை சாட்சிக்கு வாத்தியாரு தம்பியையும் உரக்கடைக்காரனையும் இங்க வரச் சொல்லுதேன். சின்னவன்தான் ஆட்டோவுல கூட்டிட்டு வாரேன்னானா? வேண்டாம். சொத்து வாங்கப்போறவனே ஓடியாடி உயிலை முடிச்சு வச்சா, அதுவே சந்தேகம். 1958ல வெங்கடாசல ஐயங்கார் கேசுல சுப்ரீம் கோர்ட்டே, சந்தேகம் இருந்தா அதை உயிலைக் கொண்டு வாரவன்தான் தீக்கணும்னு சொல்லிட்டுது. நீரு பஸ்ஸுல வாரும். அவனுக்கு அன்னைக்கு வயல்ல தண்ணி பாய்ச்சுத வேலையைக் குடுத்துட்டு வாரும், நாலு பேரு பாக்கும்படியா.