இடைக்கடலில் ஒரு சேர்: தீவகத்துத் தலைமை மறைவு பற்றிய ஆய்வு

நெடுந்தீவில் விசாரித்தால் சேர் ரவுணில் நிற்கிறார். ரவுணில் விசாரித்தால் நெடுந்தீவுக்குப் போய்விட்டார். இரண்டு சாட்சியங்களும் மெய்யெனில், சேர் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரக் கடலில் நிரந்தரமாக வசித்தாக வேண்டும். இதுவே இடைக்கடல் கோட்பாடு. பரிசோதிக்கப் போட்காரரிடம் கேட்டோம். "உங்கட சேரோ? ஆளை மாரிக்குப் பிறகு காணேல்லையே" என்றார். எனினும், சாட்சி இல்லை என்பதற்காக ஆய்வாளர்கள் கோட்பாட்டைக் கைவிடும் வழக்கமில்லை. ஊர்காவற்றுறைக்கு பஸ் ஓடுவதால் அங்கே கடலைச் சாட்ட முடியாது. அங்குள்ள சேர்மார் மீற்றிங்கில் மறைவர்.

மாதிரிக்கு எடுத்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆவணியில் தண்ணி மோட்டர் எரிந்தது. திருத்தக் காசு ஒதுக்கியிருந்தது. மூன்று கடைகளில் விலைக்கோரலும் வாங்கியாயிற்று. அரசாங்க நிதிப் பிரமாணங்களின்படி செலவுக்கு முதலில் ஒருவர் அதிகாரமளிக்க வேண்டும். அங்கீகாரம், அத்தாட்சி, கொடுப்பனவு எல்லாம் அதற்குப் பின். இங்கே அந்த முதல் கை சேருடையது. வேண்டியது கோவையில் ஒரு சுருக்கொப்பம்.

எழுதுநர் வட்ஸ்அப்பில் கேட்டார். இரண்டு சரி அடையாளங்களும் நீலமாயின. நோய் தொடங்குவது இங்கேதான். நீலமாகும் வரை, கடலில் கவரேஜ் இல்லை என்று மனதைத் தேற்றலாம். நீலமான பிறகு மௌனத்துக்கு உரை எழுத வேண்டும்: கோபமா, மறதியா, மோட்டரே வேண்டாமா? 'வேண்டாம்' என்று வந்திருந்தாலும் அன்றிரவு நித்திரை வந்திருக்கும். பதில் இல்லாததைச் சம்மதமாகக் கொள்ள வீட்டில் முடியும், கணக்காய்வில் முடியாது. இதற்கிடையில், போட்டேறி அலுவலுக்கு வந்த சனம் தண்ணீர் கேட்டு ஏசுவது சேரை அல்ல, கண்முன் இருப்பவரை.

முப்பது நாளில் விலைக்கோரல்கள் காலாவதியாயின. எழுதுநர் மறுபடி மூன்று வாங்கினார், விலை கூடியிருந்தது. கூடிய விலைக்குப் புதிய குறிப்பு, புதிய நீலம். கார்த்திகையில் அவையும் காலாவதி.

இதற்கு மருந்து உண்டு. நிதிப் பிரமாணம் 135இன் கீழ், இன்ன தொகை வரை இன்னார் தீர்மானிக்கலாம் என்று எழுத்தில் அதிகாரத்தைக் கீழே கையளிக்கலாம். அப்படியொரு கடிதத்தை எழுதுநர் தயாரித்தும் விட்டார். அது மோட்டர்க் கோவைக்கு அடியில், சேரின் ஒப்பத்துக்காக இருக்கிறது. அதுவரை ஒரே தற்காப்பு, ஒவ்வொரு அழைப்பையும் திகதி, நேரத்தோடு கோவையில் குறித்து வைப்பது. எழுதுநர் குறித்தார். அந்த மோட்டர்க் கோவை இப்போது மோட்டரை விடப் பாரம்.

டிசம்பர் 31இல் ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியானது. மறுநாள் காலை சேர் வட்ஸ்அப் குழுவில் குத்துவிளக்குப் படத்தோடு புதுவருட வாழ்த்துப் போட்டார். ஆகவே கைபேசி வேலை செய்கிறது என்பது நிறுவப்பட்டது. சில மாதங்களில் கணக்காய்வு ஐயவினா வந்தது: ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை? சேர் அதன் மேல் அன்றைக்கே சுருக்கொப்பமிட்டு எழுதுநருக்கு அனுப்பினார்: "உடன் விளக்கம் தருக."