கண்ணாடிக் கூரையும் கண் கூசும் வெள்ளையும்

கேள்வி: மொட்டை மாடியில் 12 அடிக்கு 10 அடி அளவில் ஒரு சன்ரூம் கட்டினோம். கூரை முழுக்கச் சாதாரணக் கண்ணாடி, மெல்லிய சட்டம், நிறையச் செடிகள். சுவர் வெள்ளை, தரையும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். படத்தில் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் உள்ளே கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சம் அதிகமாகிவிட்டதா? (வாசகி, பசுமலை)

பதில்: வெளிச்சம் சரிதான் அம்மா, அது விழுகிற இடத்தில்தான் தவறு. நீங்கள் பார்த்த படம் சூரியன் சாய்ந்தே வரும் குளிர்நாட்டில் எடுத்ததாக இருக்கும். அங்கே வெயில் பக்கவாட்டில் நுழையும். நம் ஊரில் அது தலைக்கு நேரே நிற்கும். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், பகல் 12 மணி 18 நிமிட வாக்கில் மாடியில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அதே காட்சி. அந்த நேரத்தில் தரையில் விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். புத்தகம் படிக்க 500 லக்ஸ் போதும். சாதாரணக் கண்ணாடி அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதியை அப்படியே உள்ளே விடுகிறது. கீழே உள்ள வெள்ளை டைல்ஸ் முக்கால் பங்குக்கு மேல் உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மழமழப்பான டைல்ஸ் என்றால் அதில் சூரியனின் பிம்பமும் சேர்ந்து தெரியும்.

ஆகவே வெள்ளையை ஒழிக்க வேண்டாம், வெயில் படாத இடத்துக்கு அதை நகர்த்துங்கள். நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர் அறையைக் குளுமையாகக் காட்டும். நேர் வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவர் விளக்கு மாதிரி எரியும்.

எந்தச் சுவர் எது என்று கணக்குப் போடலாம். உங்கள் கூரை ஒன்பது அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால், கூரையில் ஓரிடத்தில் நுழையும் கதிர் தரையைத் தொடுவதற்குள் வடக்கே ஆறடி நகர்ந்துவிடும். அதாவது வடக்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெயிலில் குளிக்கும். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது தெற்குச் சுவரில் வெயில் படும், ஆனால் மிகவும் செங்குத்தாக, சுவரை உரசிக்கொண்டு இறங்குவதால் வேகம் குறைவு. தரையில் இரண்டடிதான் நகர்வு. இன்னொன்றும் உண்டு. நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பது ஆண்டில் நாலரை மாதம்தான். மீதி ஏழரை மாதமும் அது தெற்கில்தான்.

இதிலிருந்து கிடைக்கும் விடை எளிது. தெற்குச் சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும். வடக்குச் சுவருக்கு மட்டும் மண் நிறம், காவி, சாம்பல் பச்சை என ஏதாவது ஒன்றை மினுமினுப்பில்லாத பெயின்ட்டில் பூசுங்கள். மேற்குச் சுவரில் காலை வெயிலும் கிழக்குச் சுவரில் மாலை வெயிலும் விழும். நீங்கள் அந்த அறையில் உட்காரும் நேரம் எதுவோ, அந்தச் சுவரையும் சேர்த்து மாற்றினால் போதும். தரை எல்லா மாதமும் அடி வாங்கும். அதனால் வெள்ளை டைல்ஸுக்கு மேல் செம்மண் தட்டோடு பதியுங்கள். இப்போதைக்குச் செலவு வேண்டாம் என்றால், வெயில் விழும் இடத்தில் ஒரு கோரைப் பாயை விரித்துவிட்டு அன்றைக்கே வித்தியாசத்தைப் பாருங்கள். பெயின்ட் வாங்கும் முன் ஒரு நாள் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்குச் சுவரில் வெயிலின் ஓரத்தைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். பெயின்டருக்கு அந்தக் கோட்டைக் காட்டினால் போதும்.

கேள்வி: உள்ளே வெள்ளைத் திரை கட்டிவிட்டால் வேலை முடிந்ததல்லவா? (வாசகர், திருநகர்)

பதில்: முடியாது. வெயில் படும் வெள்ளைத் திரையும் ஒரு வெள்ளைச் சுவர்தான், அதுவும் தலைக்கு மேல். வெப்பத்தைப் பொறுத்தவரையில் இன்னும் மோசம். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலில் திரை திருப்பி வெளியே அனுப்புவது ஒரு பகுதியைத்தான், மற்றதெல்லாம் அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

மேலே சொன்ன பசுமலை அறையையே எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். சித்திரை உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். அதில் ஐந்தில் நாலு பங்கைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடுகிறது. ஆக ஒன்பது கிலோவாட் வெப்பம், ஒன்பது இஸ்திரிப் பெட்டியை ஒரே அறையில் போட்டு வைத்த மாதிரி. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட். கூரை வெயிலை எதிர்க்க மட்டுமே இரண்டரை டன் ஏசி ஓட வேண்டும்.

தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். நர்சரிகளில் கட்டும் பச்சை வலையில் 75 சதவீதம் மறைக்கும் வகையை வாங்கி, கண்ணாடியைத் தொடாமல் ஓரடி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால் வலையின் சூடு கண்ணாடிக்கு இறங்காது. ஒன்பது கிலோவாட் இரண்டேகால் அளவுக்கு இறங்கிவிடும். மூங்கில் தட்டியும் நன்றாக வேலை செய்யும், அதன் இடுக்கில் விழும் வரி நிழலும் அழகு. நான் தட்டிப் பக்கம்தான். ஆனால் ஆடிக் காற்றை நினைத்து இரும்புக் கம்பியில் கொக்கி போட்டுக் கட்டுங்கள், கயிறு தாங்காது. கார்த்திகையில் கழற்றி, பங்குனியில் மாட்டலாம்.

கேள்வி: அப்படியானால் கூரைக்குப் பால் கண்ணாடி? (வாசகி, திருப்பரங்குன்றம்)

பதில்: தரையில் விழும் வெயில் திட்டுகள் மறையும், நிழல்கள் மென்மையாகும், செடிகளுக்கும் நல்லது. ஆனால் பால் கண்ணாடி தானே ஒளிர ஆரம்பிக்கும். அண்ணாந்து பார்க்க முடியாத ஒரு வெள்ளைப் பரப்பை நீங்களே தலைக்கு மேல் கட்டிக்கொள்கிறீர்கள். வானமும் போய்விடும். மேலே வலை கட்டுவதாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எந்தக் கண்ணாடியானாலும் கூரைக்கு லேமினேட் செய்ததுதான் போட வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டும் படலம் வைத்தது. உடைந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். வெறும் டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் சிறு சிறு கட்டிகளாகத் தலையில் கொட்டும்.

கேள்வி: சட்டம் எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம்? வெள்ளை அடிக்கலாமா? (வாசகர், பழங்காநத்தம்)

பதில்: மெல்லியதுதான் வேண்டும் என்றால் இரும்பு. அது அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு, அதனால் குறைந்த அகலத்தில் அதே கண்ணாடியைத் தாங்கும். துருப்பிடிக்காமல் கால்வனைஸ் செய்து வாங்குங்கள். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அதிகமாக நீளும். விடியற்காலைக்கும் உச்சிக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால், பத்தடி அலுமினியச் சட்டம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், கண்ணாடி ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் கண்ணாடி மூலையிலிருந்து விரியும். ரப்பர் பட்டையும் இடைவெளியும் விடச் சொல்லுங்கள். வெயில் ஏறும்போது சட்டத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் அந்த இடைவெளி போதவில்லை.

நிறத்துக்கும் சுவருக்குச் சொன்ன அதே விதிதான். சட்டத்தின் உட்புறம் வெயிலைப் பார்ப்பதில்லை. பிரகாசமான வானத்துக்கு எதிரே கறுப்புச் சட்டம் கட்டம் கட்டமாகக் கண்ணை உறுத்தும். அடிப்பக்கத்தில் வெளிர் நிறம் அடித்தால் வானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, சட்டம் இன்னும் மெலிந்து தெரியும். அங்கே வெள்ளை தாராளமாக அடிக்கலாம்.

கேள்வி: கண்ணாடிக் கூரை வெள்ளைக்காரன் ஊருக்குத்தானே பொருந்தும்? (வாசகர், மதுரை)

பதில்: அவர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. 1851இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டியபோது, வெயிலைத் தணிக்கக் கண்ணாடிக் கூரைக்கு வெளியே துணி விரித்தார்கள். இதற்கு மூன்று ஆண்டு முன்பு முடிந்த கியூ தோட்டத்தின் பனை இல்லத்தில், இலைகள் கருகக் கூடாதென்று பச்சைச் சாயம் ஏறிய கண்ணாடியைப் பதித்தார்கள். தோட்டக்காரர்கள் கோடையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளைக் குழம்பு பூசி, குளிரில் கழுவிவிடும் வழக்கமும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்வதானால் சாக்குப் பொடியைக் கரைத்துப் பூசுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், அது கண்ணாடியை அரித்துத் தழும்பாக்கும். பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889இல். அது இன்றும் நிற்கிறது. ஆனால் பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: மணி பிளான்ட் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் காகிதம் போலத் திட்டு விழுகிறது. பூச்சியா? (வாசகி, விளாச்சேரி)

பதில்: வெயில் சுட்ட தழும்பு. பூச்சி என்றால் திட்டு இலையின் அடிப்பக்கத்திலும், நிழலில் இருக்கும் இலைகளிலும் தெரியும். உங்களுடையது வெயிலைப் பார்க்கும் இலைகளில், மேல்பக்கத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சுட்ட இலை திரும்பப் பச்சையாகாது, கிள்ளிவிட்டுத் தொட்டியைத் தெற்குச் சுவர் அடியில் வையுங்கள். பெரணிக்கும் அதே இடம்தான். வடக்குச் சுவர் ஓரம் காகிதப்பூவுக்கும் அடீனியத்துக்கும் உரியது. இலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் திருப்பி அனுப்பும். ஆகவே வடக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க மனமில்லாதவர்கள் அங்கே கொடி ஏற்றிவிடலாம். மதுரை மல்லியை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். அதற்கு முழு வெயில் வேண்டும், வலைக்குக் கீழே மொட்டு குறைந்துவிடும்.

கேள்வி: போனில் படம் எடுத்தால் சுவர் வெறும் வெள்ளையாகப் போகிறது, செடி கறுத்துவிடுகிறது. (கல்லூரி மாணவி, பசுமலை)

பதில்: போன் செடியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது, சுவர் வெந்துவிடுகிறது. திரையில் சுவரின் மிக வெளுத்த இடத்தை விரலால் தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், கொத்தனார் கரண்டி ஓடிய தடம் சுவரில் தெரியும்வரை. செடி அப்போது கொஞ்சம் இருட்டாக இருக்கும், அதைப் பிறகு எடிட்டிங்கில் தூக்கிவிடலாம். வெந்துபோன வெள்ளையில் தகவலே பதிந்திருக்காது, அதை எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. காலை ஏழரை மணிக்கோ மாலை ஐந்துக்கோ எடுத்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். பகல் பன்னிரண்டு மணிக்கே தடம் தெரியும்படி ஒரு படம் கிடைத்தால், உங்கள் வீட்டில் வலையும் சுவர் நிறமும் சரியாக அமைந்துவிட்டன என்று அர்த்தம். எனக்கு அந்தப் படத்தை அனுப்பிவையுங்கள்.